ப்ரொபைல்ல உயரம், உடம்பு எழுதுறது எப்பிடி: 'தான்', 'ஆனா', 'ஹாஹா' மூண்டையும் முதல்ல வெட்டுங்க

திருக்கோணமலை உப்புவெளியில எங்கட சித்தி வீட்டு அறைக்கதவு நிலையில ரெண்டு பென்சில் கோடு இருக்கு. ஒண்டு காலமை போட்டது, மற்றது பின்னேரம் போட்டது, ரெண்டுக்கும் நடுவில ஒரு சென்ரிமீட்டர் இடைவெளி. சின்னப்பிள்ளை வளருதோ எண்டு பாக்கப் போட்ட கோடு இல்லை, சித்தின்ட மகனுக்குப் போட்டது, அவனுக்கு வயசு 34. கலியாண ப்ரொபைல் எழுதுறதுக்காக நான்தான் அவனை நிக்க வச்சு அளந்தனான்.

ஏன் அந்தளவுக்குப் போனது எண்டால், அதுக்கு முந்தி நடந்ததைச் சொல்ல வேணும். அவன்ட முதல் ப்ரொபைல்ல உயரம் 5.6 எண்டு கிடந்தது. சுவிஸ்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்து, குறிப்பு பொருந்தி, ரெண்டு தரம் வீடியோ கோல்ல கதைச்சு, எல்லாம் சரியெண்டு அந்த ஆக்கள் லீவுக்கு வந்த நேரம் கோயில்ல பாக்கிறதுக்கு ஒழுங்கு பண்ணி, அங்க பொம்பிளையும் இவனும் பக்கத்தில பக்கத்தில நிண்டவுடனே ரெண்டு பக்கத்துச் சனமும் ஒரு நிமிசம் கதைக்காம நிண்டது. அவ கொஞ்சம் உயரம், இவன் அவவின்ட காது மட்டத்துக்குக் கிட்ட. வீடியோ கோல்ல முகம்தானே தெரியும், உயரம் தெரியாது. யாரும் சண்டை பிடிக்கேல்லை, பிரசாதம் வாங்கிக்கொண்டு போயிட்டாங்க, அதுக்குப் பிறகு வைபர்ல பதில் இல்லை, அவ்வளவுதான்.

அவன் பொய் சொல்ல நினைச்சவன் இல்லை. பிறகு ஆறுதலா இருந்து அந்த 5.6 எங்கயிருந்து வந்தது எண்டு தோண்டிப் பாத்தம். ஒரு வேலை விண்ணப்பத்துக்கு எப்பவோ சப்பாத்தோட அளந்தது 164 செமீ. அது 5 அடி நாலரை இஞ்சு வரும், அதை வட்டமாக்கி 5.5 எண்டு எழுதியிருக்கிறான். சித்தி அதை ப்ரொபைலுக்கு அனுப்பேக்க, "ரெண்டு இஞ்சு கூட்டினாலே ஆருக்குத் தெரியப் போகுது, நான் ஒண்டுதான் கூட்டினனான்" எண்டு 5.6 ஆக்கிப்போட்டா. சுவிஸ்காரர் சென்ரிமீட்டர்ல யோசிக்கிற ஆக்கள், அவங்க கல்குலேற்றர்ல 5.6ஐ 30.48ஆல பெருக்கி 171 செமீ எண்டு எடுத்திருக்கிறாங்க. வெறுங்காலோட அளந்தா அவன் 161. சப்பாத்து மூண்டு, வட்டமாக்கினது ஒண்டு, சித்தி ரெண்டரை, புள்ளி மூண்டு. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி கிட்டத்தட்ட பத்து சென்ரிமீட்டர் வந்திட்டு.

அதால முதல் வேலை எழுதுறது இல்லை, அளக்கிறது. புதுசா ப்ரொபைல் போடுறவங்க இதைத் தாண்டி ஓடிப் போறாங்க, "எனக்குத் தெரியுமே என்ட உயரம்" எண்டு. உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில அளந்தது, சப்பாத்தோட அளந்தது, அண்ணாவைப் பாத்துக் கணக்குப் போட்டது, இப்பிடி ஏதோ ஒண்டைத்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டு திரியிறம்.

அளக்கிற முறை லேசு. சப்பாத்து, செருப்பு இல்லாம, வெறும் சீமெந்துத் தரையில, சுவரோட ஒட்டி நில்லுங்க, குதியும் முதுகும் சுவரில படவேணும், கொண்டையோ போனிடெயிலோ இருந்தா அவிழ்த்து விடுங்க. நாடியைத் தூக்காம, பதிக்காம நேரா முன்னுக்குப் பாருங்க, நாடியைத் தூக்கினா கூடும் எண்டு கன பேர் நினைக்கிறாங்க, உண்மையில குறையும். இன்னொரு ஆள் கனமான கொப்பி ஒண்டை, அட்டை சுவரோட செங்குத்தா இருக்கிற மாதிரி தலையில வச்சு அமத்தி, கீழ்விளிம்பில கோடு போடவேணும். நீங்களே கையைத் தூக்கிக் கோடு போட்டா கொப்பி சரியும், ஒரு இஞ்சு கூடக் காட்டும்.

இதில ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. வீட்டில இருக்கிற தையல் நாடா 60 இஞ்சுதான் நீளம், 5 அடி. கன பேர் அதை விட உயரம். நாடா முடிஞ்ச இடத்தில விரலை வச்சு மிச்சத்தைக் குத்துமதிப்பாச் சொல்லுறதிலதான் ஒரு இஞ்சு, ரெண்டு இஞ்சு நழுவுது. மேசன்மார் வச்சிருக்கிற இரும்பு டேப் இருந்தா அதை எடுங்க. இல்லாட்டி தரையில இருந்து சரியா 100 செமீல முதல்ல ஒரு கோடு போட்டுட்டு, அந்தக் கோட்டில இருந்து தலைக்கோடு மட்டும் அளந்து கூட்டுங்க. எங்கட ஆளுக்கு 100க்கு மேல காலமை ஏழு மணிக்கு 61.5, பின்னேரம் ஆறு மணிக்கு 60.5. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில இருக்கிற தட்டுகள் பகல் முழுக்க உடம்புப் பாரத்தில அமுங்குறதால எல்லாருக்குமே பின்னேரம் ஒரு சென்ரிமீட்டர் அளவு குறையும், ராவு படுத்தெழும்பத் திரும்ப வரும். ரெண்டுக்கும் நடுவில 161 எண்டு எடுத்தம், காலமைக் கணக்கை எடுத்துக்கொண்டு ஓடவும் இல்லை, பின்னேரக் கணக்கை எழுதித் தியாகம் பண்ணவும் இல்லை.

எழுதேக்க சென்ரிமீட்டரை முன்னுக்குப் போடுங்க, பிறகு அடி, அங்குலத்தைச் சொல்லால எழுதுங்க: "161 செமீ, 5 அடி 3 அங்குலம்". புள்ளி போடவே போடாதீங்க. 5.6 எண்டா ஒருத்தருக்கு அஞ்சடி ஆறங்குலம், இன்னொருத்தருக்கு அஞ்சு தசம் ஆறு அடி, அதாவது அஞ்சடி ஏழங்குலத்துக்கும் மேல. அஞ்சடி பத்து உயரமான ஆக்களுக்கு இன்னும் மோசம், 5.10 எண்டு அடிச்சா சில போம் தானாவே 5.1 ஆக்கிப்போடும், நெடுவல் பெடியன் ஒரே அடியில கட்டையனாயிடுவான்.

சென்ரிமீட்டர் போடச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2008ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சி, நியூயோர்க்ல ஒன்லைன் டேட்டிங் பண்ணுற 80 பேரைக் கூப்பிட்டு, ப்ரொபைல்ல போட்ட உயரம், நிறை, வயசை உண்மையான கணக்கோட ஒப்பிட்டுப் பாத்தது. பத்துக்கு எட்டுப் பேர் மூண்டில ஒண்டையாவது மாத்திப் போட்டிருந்தாங்க. நிறையிலதான் கூட மாத்தினது, அடுத்தது உயரம். ஆனா அனேகமா எல்லாம் சின்ன வித்தியாசம், நேர்ல பாத்தா சட்டெண்டு பிடிபடாத அளவு. எங்கட கலியாணச் சந்தையில ஆரும் இப்பிடி அளந்ததா எனக்குத் தெரியேல்லை, ஆனா சித்தியைப் பாத்தா வேற மாதிரி இருக்காது எண்டு விளங்குது. இதால என்ன நடக்குது எண்டா, வாசிக்கிற ஆக்களும் மனசுக்குள்ள ஒண்டு கழிச்சுத்தான் வாசிக்கிறாங்க. 5.6 எண்டா "சரி, அஞ்சஞ்சு இருப்பார்" எண்டு. நீங்க உண்மையைப் போட்டாலும் அதிலயும் கழிப்பாங்க. 161 எண்டு உடைஞ்ச இலக்கமா, வட்டமில்லாம போட்டா அது அளந்த இலக்கம் எண்டு பாத்தாலே தெரியும், அதில கை வைக்க மனம் வராது.

நிறைக்கு வருவம். கிலோ எழுதவேணுமோ எண்டு கேட்டா, போம்ல கட்டாயம் கேட்டாலொழிய தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன். மறைக்கச் சொல்லேல்லை. 85 கிலோ எண்டு வாசிச்சவுடனே உங்களுக்கு ஆள் கண்ணுக்கு முன்னால வருதோ? 161 செமீ ஆளில 85 ஒரு மாதிரி, 180 செமீ ஆளில 85 வேற ஒரு மாதிரி. ஒரு சொல்லும் ஒரு முழுப்படமும் செய்யிற வேலையைக் கிலோக் கணக்கு செய்யாது. ஆனா கேட்டா சொல்லுறதுக்கு இலக்கம் கையில இருக்கவேணும், அதுவும் இந்த மாசத்து இலக்கம். காலமை எழும்பி, டொய்லெட் போயிட்டு, சாப்பிட முதல், மெல்லிய உடுப்போட, கட்டாந்தரையில தராசை வச்சு ஏறுங்க. பாய், கார்பெட்டுக்கு மேல வச்சா தராசு பிழையாக் காட்டும். இவன் பார்மசியில ஜீன்ஸ், போன், பேர்ஸ் எல்லாத்தோடயும் பின்னேரம் ஏறினதில 86.8, வீட்டில காலமை 84.6. ஒரு நாளுக்குள்ளயே ஒரு கிலோ ரெண்டு கிலோ ஆடும், அதால தசமெல்லாம் வேண்டாம், 85 எண்டு வச்சுக்கொண்டம்.

பொம்பிளைப் பிள்ளையளின்ட ப்ரொபைல்ல நிறையை மாத்திப் போடுறது இன்னும் கூட நடக்குது, 78 கிலோ பிள்ளைக்கு அம்மா 65 எண்டு போட்டுட்டு, பிள்ளையைப் பட்டினி போட வெளிக்கிடுறா. அம்மாவோட சண்டை பிடிக்காதீங்க, தராசை அவவுக்கு முன்னால வச்சு ஏறி, போன்ல இலக்கத்தைப் படம் எடுத்து, "இதைத்தான் போடுறது" எண்டு முடியுங்க. இலக்கம் இல்லாம கதைச்சா அம்மா வெல்லுவா.

இனித்தான் சொல்லுக்கு வாறம், இதில நான் கொஞ்ச நேரம் நிக்கப்போறன், ஏனெண்டா அளவெல்லாம் சரியா எடுத்துப்போட்டு எழுதேக்க கோட்டை விடுறவங்கதான் கன பேர். இவன்ட பழைய ப்ரொபைல்ல தோற்றம் எண்ட இடத்தில இருந்தது அப்பிடியே இது:

"உயரம் 5.6. நிறம் வெள்ளை. உடம்பு கொஞ்சம் புஷ்டி தான், அம்மாட சமையல் அப்பிடி ஹாஹா. முன்மண்டையில லைட்டா வெளிச்சம், கரண்ட் போனாலும் பயமில்லை. ஆனா மனசு தங்கம். இப்ப ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறன், கெதியாக் குறையும்."

கூட்டாளிமாரோட கதைக்கேக்க இது நல்ல பகிடிதான், நானும் சிரிச்சனான். ஆனா ப்ரொபைலை ஆர் வாசிக்கிறது எண்டு யோசிச்சுப் பாருங்க. கனடாவில ஒரு மாமி வைபர்ல வந்ததை கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கொண்டு, பக்கத்தில இருக்கிற அம்மம்மாவுக்குக் கேக்கிற மாதிரி சத்தம் போட்டு வாசிக்கிறா. "முன்... மண்டையில... லைட்டா... வெளிச்சம்... கரண்ட் போனாலும்..." அம்மம்மா கேக்கிறா, "என்னவாம் பிள்ளை, அங்க கரண்ட் இல்லையாமோ?" பகிடிக்கு முகம் வேணும், குரல் வேணும். எழுத்தில முகம் இல்லாம இருக்கிற பகிடி, மாமி வாயில வரேக்க வேற என்னவோவா மாறிடும். அதோட, உங்கட வழுக்கையைப் பகிடியாப் பாக்கலாம் எண்டு நீங்களே வழி காட்டிவிட்டா, நாளைக்கு அந்த வீட்டுத் தம்பிமார் அதே பகிடியைத் தொடங்கேக்க உங்களுக்கு முகம் கறுக்கும், ஆனா கதவைத் திறந்துவிட்டது நீங்கதான்.

மன்னிப்புக் கேக்கிறதும் இப்பிடித்தான், ஆனா அது இன்னும் நைசா உள்ளுக்கு வரும். தமிழ்ல மன்னிப்புக் கேக்க "மன்னிச்சுக்கொள்ளுங்க" எண்டு எழுதத் தேவையில்லை, "தான்" எண்ட ஒரு சொல் போதும். "5 அடி 3 அங்குலம்" எண்டா அது தகவல். "5 அடி 3 அங்குலம் தான்" எண்டா, அது குறைவு, எனக்குத் தெரியும், குறை நினைக்காதீங்க எண்டு மூண்டு வசனம் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. அதே மாதிரி "ஆனா". "கறுப்பு, ஆனா வடிவு", "மொத்தம், ஆனா சுறுசுறுப்பு". ஆனாவுக்கு முன்னால நிக்கிறது எல்லாம் குற்றம், பின்னால நிக்கிறது நட்டஈடு. மாமிக்கு அது ஒண்டும் கவலையில்லாத விசயமா இருந்திருக்கும், நீங்க "ஆனா" போட்டபடியால இப்ப அவ யோசிக்கத் தொடங்குறா.

அதால எழுதி முடிச்சவுடனே ஒரு தரம் தேடி வெட்டவேண்டிய சொல்லுகள்: தான், ஆனா, இருந்தாலும், கொஞ்சம், லைட்டா, ஓரளவு, ஹாஹா. சிரிக்கிற இமோஜியும் அதே கணக்கு. வெட்டினாப் பிறகு மிச்சம் இருக்கிறது வசனமா நிண்டா அது உண்மையான வசனம். நிக்காட்டி அதில சொல்ல ஒண்டும் இருக்கேல்லை எண்டு அர்த்தம், முழுசாத் தூக்குங்க. "ஆனா மனசு தங்கம்" எண்டதில ஆனாவை எடுத்துப் பாருங்க, "மனசு தங்கம்" எண்டு தனிய நிக்கும், தன்ட மனசைத் தானே தங்கம் எண்டு சொல்லுற ஆள் ஆர், அதுவும் போச்சு.

"கொஞ்சம்" எண்டதில கவனம். உண்மையிலயே கொஞ்சம் எண்டால் எழுதவே தேவையில்லை. கூட எண்டால் கொஞ்சம் எண்டு எழுதுறது பொய். ரெண்டு பக்கத்தாலயும் அந்தச் சொல்லுக்கு அங்க வேலையில்லை.

உடம்புக்கு என்ன சொல் போடலாம்? மெல்லிய உடம்பு, நடுத்தர உடம்பு, பருமனான உடம்பு, இந்த மூண்டும் போதும், எங்கட ஆக்கள் எல்லாருக்கும் விளங்கும், கேக்கவும் மரியாதை. "மொத்தம்" எண்டு நாங்க வாயால சொல்லுறம், எழுத்தில அது வசவு மாதிரிப் படும். "புஷ்டி", "சபி", "ஹெல்தி" எல்லாம் பூசி மெழுகிற சொல்லு, வாசிக்கிறவர் அதை விட ரெண்டு மடங்கு கூட நினைச்சுக்கொள்ளுவார். சைட்ல தெரிவு செய்யிற பெட்டியா இருந்தா அனேகமா ஒல்லி, சராசரி, அத்லெட்டிக், பருமன் எண்ட மாதிரி நாலு இருக்கும், எல்லாரும் ஓடிப்போய் சராசரியில ஒளிக்கிறது. ஒரு சோதனை சொல்லுறன்: உங்களை ஒரு தரமும் பாக்காத ஆள் ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட்ல உங்களைக் கண்டுபிடிக்க வேணும், அவருக்குப் போன்ல உங்கட தம்பி எப்பிடி அடையாளம் சொல்லுவான்? "கண்ணாடி போட்ட, தாடி வச்ச, பருமனான ஆள்" எண்டு சொல்லுவான். "சராசரியான ஆள்" எண்டு சொல்லமாட்டான். அவன் சொல்லுற சொல்லுத்தான் உங்கட சொல்லு. அடையாளம் சொல்லுறவன் மன்னிப்பும் கேக்கமாட்டான், பகிடியும் விடமாட்டான், அந்தக் குரல்லயே முழுக்க எழுதுங்க.

எதிர்காலத்தை எழுதாதீங்க. "ஜிம்முக்குப் போறன், குறையும்" எண்டா நீங்க ஒரு கடன் எழுதிக் குடுக்கிறீங்க, ஆறு மாசத்தில பாக்கேக்க அந்தக் கடன்தான் முதல்ல ஞாபகம் வரும். நடக்கிற பழக்கம் உண்மையா இருந்தா பொழுதுபோக்கு எண்ட இடத்தில "காலமையில டச் பே கரையில நடக்கிறனான்" எண்டு போடலாம், நிறையோட முடிச்சுப் போடவேண்டாம்.

நிறம் எண்ட பெட்டிதான் வீட்டில கூட சண்டை வாற இடம். இந்தியாவில நடக்கிற ஷாதி.காம் எண்ட பெரிய கலியாண சைட், ஆக்கள் கையெழுத்துச் சேத்து எதிர்ப்புக் காட்டினாப் பிறகு 2020ல தோல் நிறத்தை வச்சுத் தேடுற வசதியைத் தூக்கினது. எங்கட வைபர் பிடிஎப்ல ஆரும் தூக்கேல்லை, இன்னும் "நிறம்:" எண்டு ஒரு வரி கிடக்கு. நான் எழுதுறதா இருந்தா அந்த வரியையே விட்டிடுவன், படம் சொல்லும். சித்தி விடேல்லை. "வெள்ளை எண்டு போடு, அவன் சின்னனில வெள்ளைதானே" எண்டா. "சித்தி, பொம்பிளை வீட்டார் சின்னனில இருந்த ஆளையோ பாக்க வருவாங்க?" எண்டு கேட்டதுக்கு, "நிலாவெளி வெயில்ல வேலை செய்தா ஆரும் கறுக்கிறதுதான்" எண்டு வேற பக்கத்தால வந்தா. கடைசியில வரியைத் தூக்குறதுக்கு ஒத்துக்கொண்டா, கறுப்பு எண்டு எழுதுறதை விட ஒண்டும் எழுதாதது அவவுக்குப் பரவாயில்லை எண்டு பட்டிருக்கு. போம் கட்டாயம் கேட்டா, நிழல்ல எடுத்த படத்தில தெரியிற நிறத்தைப் போடுங்க, மாநிறமோ கறுப்போ, அடைமொழி இல்லாம. "கோதுமை நிறம்" எண்டு இந்தியச் சைட்ல ஒரு தெரிவு இருக்கும், திருக்கோணமலையில நான் ஒருத்தரையும் அப்பிடிச் சொல்லிக் கேட்டதில்லை, கோதுமை மா எண்டா எங்களுக்கு அது வெள்ளைவெளேரெண்டு இருக்கும்.

என்னத்தை எழுதுறது, என்னத்தை விடுறது எண்டதுக்கு நான் வச்சிருக்கிற கணக்கு, ஒருத்தர் உங்களுக்கு முன்னால வந்து நிண்டு முதல் அஞ்சு நிமிசத்தில கண்ணால காணுறது எல்லாம் ப்ரொபைல்ல இருக்கலாம். உயரம், உடம்பு, கண்ணாடி, வழுக்கை, தாடி, முகத்தில தழும்பு, கையில வெண்படை, நடக்கேக்க தெரியிற நொண்டல். உடுப்புக்குள்ள இருக்கிறது, டொக்டர் துண்டில இருக்கிறது ப்ரொபைலுக்கு இல்லை. அதைச் சொல்லாம விடச் சொல்லேல்லை, அது ரெண்டு பேரும் தனியக் கதைக்கத் தொடங்கினாப் பிறகு, நாள் குறிக்க முதல், நேராச் சொல்லவேண்டிய விசயம். ஊர் முழுக்க போவர்ட் ஆகிற ஒரு பிடிஎப்ல அதைப் போட்டா பிறகு திருப்பி எடுக்கேலாது.

இவ்வளவும் பாத்து நாங்க மாத்தி எழுதினது:

"உயரம் 161 செமீ, 5 அடி 3 அங்குலம். பருமனான உடம்பு. முன்பக்கம் முடி கொட்டியிருக்கு, மிச்சத்தைக் கட்டையா வெட்டி வச்சிருக்கிறன். கண்ணாடி போடுறனான், தாடி இருக்கு. மூண்டு படமும் இந்த ஆவணியில எடுத்தது."

அஞ்சு வசனம். வாசிச்சுப்போட்டு அவன் சொன்னது, "அக்கா, இது பொலிஸ்ல காணாமப்போன ஆளைத் தேடுற மாதிரி இருக்கு" எண்டு. அது உண்மை, தனிய எடுத்து வாசிச்சா அப்பிடித்தான் இருக்கும். ஆனா இதுக்கு மேல அவன்ட வேலையும், கிரிக்கெட்டும், மீன் பொரிக்கிற கதையும் ரெண்டு பந்தி இருக்கு, சிரிப்பு, பகிடி எல்லாம் அங்க போகலாம். பகிடியே விடாதீங்க எண்டு நான் சொல்லேல்லை. உடம்பில விடாதீங்க எண்டுதான் சொல்லுறன்.

படம் எழுத்தோட ஒத்துப்போக வேணும், இல்லாட்டி எழுதினது வீண். கையை நீட்டி மேலயிருந்து எடுக்கிற செல்பியில முகம் பெருத்து உடம்பு சின்னதாத் தெரியும், கீழயிருந்து எடுத்தா ஆள் உயரமாத் தெரியும், ரெண்டும் இலக்கத்தில பொய் சொல்லாம படத்தில பொய் சொல்லுறது. இன்னொருத்தர் மூண்டு மீட்டர் தள்ளி நிண்டு, போனை உங்கட நெஞ்சு மட்டத்தில பிடிச்சு, தலையில இருந்து செருப்பு மட்டும் எடுக்கவேணும். கமெராவில பியூட்டி மோட் தானாவே போட்டுக் கிடந்தா ஓஃப் பண்ணுங்க. எங்கட ஊர்ல மத்தியான வெயில் உச்சியில இருந்து விழுந்து கண்ணுக்குக் கீழ குழி குழியாக் காட்டும். காலமை ஏழு, ஏழரைக்கு டச் பேயில கடலைப் பாத்து நிண்டா கிழக்கு வெளிச்சம் நேரா முகத்தில விழும், ஒரு பில்டரும் தேவையில்லை. ஒரு படத்தில வீட்டு ஆள் ஆரையாவது பக்கத்தில நிக்க வையுங்க, உயரம் எழுதினதை விட அதில வடிவா விளங்கும், பிறகு அவரை வெட்டிப்போட்டு தோளில ஒரு கையை மட்டும் மிச்சம் விடாதீங்க. இவன் கோட்டைக்குள்ள மானோட நிண்டு எடுத்த படம்தான் வேணும் எண்டு நிண்டான், எடுத்தம், படம் நல்ல வடிவு, ஆனா பாக்கிற எல்லாரும் மானைத்தான் பாக்கிறாங்க, அதால அதை மூண்டாவதாப் போட்டம்.

பிறகு கேள்வி வரும், கட்டாயம் வரும். "மாப்பிளை கொஞ்சம் உடம்பு போல?" எண்டு வைபர்ல ஒரு அன்ரி கேட்டா, "ஓம் அன்ரி, 85 கிலோ" எண்டு அனுப்பிட்டு போனை வைக்கவேணும். பதில் வாற மட்டும் இருக்கிற அந்த அஞ்சு நிமிசம் பெரிய அந்தரம், அந்த அந்தரத்திலதான் ஆக்கள் "போன வருசம் இதை விடக் குறைவு", "தைரொய்ட் இருந்தது", "கொரோனா நேரம் ஏறினது" எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அனுப்புறது. ஒண்டும் அனுப்பாதீங்க. "கட்டையா இருக்கிறார்" எண்டு சொன்னா, "ஓம், 161. உங்களுக்குச் சரிவராட்டிச் சொல்லுங்கோ, பிரச்சினையில்லை" எண்டா போதும், அவங்களுக்கும் அது லேசு, ஒரு மாசம் சுத்தி வளைக்காம அண்டைக்கே சொல்லுவாங்க.

நட்டமும் இருக்கு, அதை மறைக்கேல்லை. சைட்ல கன வீட்டுக்காரர் மாப்பிளை உயரத்துக்கு ஆகக் குறைஞ்சது எண்டு ஒரு கோடு வச்சுத்தான் தேடுவாங்க. 5 அடி 5 எண்டு கோடு போட்ட வீட்டுக்கு இவன் இனித் தெரியவே மாட்டான். பழைய ப்ரொபைலுக்கு நாலு மாசத்தில ஒம்பது வீட்டில இருந்து கேட்டிருந்தாங்க, புதுசுக்கு அதே நாலு மாசத்தில நாலு வீடு. சித்தி இதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பேசினா. ஆனா அந்த ஒம்பதில ஆரும் நேர்ல பாத்தாப் பிறகு திரும்பக் கதைக்கேல்லை, இந்த நாலில ரெண்டு வீடு மூதூரும் மட்டக்களப்பும், நேர்ல வந்து பாத்துப்போட்டும் இன்னும் கதைக்கிறாங்க. மட்டக்களப்புப் பிள்ளை 163 செமீயாம், அவவே முதல் நாள் எழுதி அனுப்பினவ, வேற ஒண்டும் எழுதேல்லை.

கடைசியா ஒரு வேலை, இதை நாங்க மறந்துபோனம். ப்ரொபைல்ன்ட அடியில மாசமும் வருசமும் போடுங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப அளந்து, தராசில ஏறி, படம் மாத்துங்க. பழைய பிடிஎப் அனுப்பின ஆக்கள் எல்லாருக்கும் புதுசை அனுப்பி, பழசை அழிக்கச் சொல்லுங்க, ஏனெண்டா அதுகள் சாகாது. போன கிழமை லண்டன்ல இருந்து சித்திக்குத் தெரிஞ்ச ஒரு அன்ரி சந்தோசமா கோல் எடுத்தா, "உங்கட மகன்ட ரெண்டு ப்ரொபைல் என்னட்ட வந்திருக்கு, ஒண்டில அஞ்சு ஆறு, மற்றதில அஞ்சு மூண்டு, உங்களுக்கு ரெண்டு பெடியனோ, எனக்குத் தெரியாமப் போச்சே, மூத்தவருக்கு ஒரு இடம் இருக்கு" எண்டு.